பதினாலு வயசுப் பையனுக்கு பேட்: கிரேடைக் கடைசியில் பாருங்கள்

அக்கா மகனுக்குப் போன வருடம் நான்தான் பேட் வாங்கிக் கொடுத்தேன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது, உயரம் 155 செ.மீ. லெதர் பந்தில் ஆட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ‘வளருகிற பையன், இரண்டு வருடமாவது வரட்டும்’ என்று பெரியவர்கள் ஆடும் ஷார்ட் ஹேண்டில் அளவில், முதல் கிரேடு இங்கிலீஷ் வில்லோவாகப் பார்த்து எடுத்தேன். எடை 2 பவுண்டு 11 அவுன்ஸ், அதாவது 1,220 கிராமுக்குப் பக்கம். மரம் அவ்வளவு அழகு. முகத்தில் கோடு போட்டது போல நேர் நேராக ரேகைகள், ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டே மாதத்தில் பையனின் ஆட்டம் கெட்டுப்போனது. புல் ஷாட் தாமதமாக வந்து பந்து மேல் எட்ஜில் பட்டு எழும்பியது. நேராகப் போக வேண்டிய டிரைவ் எல்லாம் மிட் ஆன் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடியில் கீழே பிடிக்கும் கை, அதாவது கீழ்க்கை, அடிவரைக்கும் இறங்கி, பேட்டின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அவனைத் திட்டவில்லை. பேட்டை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, ‘மேல்கையால மட்டும் பிடிச்சு முன்னால நீட்டு’ என்றார். நான்கு எண்ணுவதற்குள் பேட்டின் நுனி நடுங்கிக் கீழே சரிந்தது. அவர் என் பக்கம் திரும்பி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கடையில் பேட் வாங்கப் போனால் பேச்சு கிரேடில்தான் தொடங்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு வாங்கும்போது அந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் அளவு, அடுத்து எடை, அப்புறம் கைப்பிடி, கடைசியில்தான் மரத்தின் கிரேடு. இந்த வருடம் அதே பையனுக்கு இந்த வரிசையில் பார்த்து வாங்கினோம். அதைத்தான் கீழே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி

பிள்ளை எந்தப் பந்தில் ஆடுகிறான்? டென்னிஸ் பந்து மட்டும்தான் என்றால் இங்கிலீஷ் வில்லோ தேவையே இல்லை. காஷ்மீர் வில்லோ போதும். அது கொஞ்சம் அடர்த்தியான, கடினமான மரம். நிறம் பழுப்பாக இருக்கும். அடர்த்தி அதிகம் என்பதால் அதே வடிவத்தில் செய்தால் எடை கூடும், லெதர் பந்து பட்டால் கைக்கு அதிர்வும் கூடும். இங்கிலீஷ் வில்லோ மென்மையான, லேசான மரம். லெதர் பந்தை அது உள்வாங்கித் திருப்பி விரட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் லெதர் பந்தில் வலைப்பயிற்சி, மாதத்துக்கு ஓரிரு மேட்ச் என்றால் இங்கிலீஷ் வில்லோவின் கீழ்க் கிரேடு ஒன்றே போதுமானது. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் லெதர் பந்து ஆடும் பிள்ளையை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: அளவு

உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். பிள்ளை சொல்லும் உயரத்தை நம்ப வேண்டாம்; அந்த வயதில் எல்லோரும் இரண்டு செ.மீ. கூட்டித்தான் சொல்வார்கள். சுமாராக 150 செ.மீ. வரை 5ஆம் அளவு, 150 முதல் 157 வரை 6ஆம் அளவு, 157 முதல் 168 வரை ஹாரோ, அதற்கு மேல் ஷார்ட் ஹேண்டில். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த எல்லைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஹாரோ என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 6ஆம் அளவுக்கும் பெரியவர்கள் அளவுக்கும் நடுவில் இருப்பது அது. நீளத்தில் ஷார்ட் ஹேண்டிலைவிட அரை அங்குலமோ ஓர் அங்குலமோதான் குறைவு. ஆனால் பலகையும் கைப்பிடியும் கொஞ்சம் மெலிந்திருக்கும். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுக்கென்றே இருக்கிற அளவு என்று சொல்லலாம். நிறைய வீடுகளில் இதைத் தாண்டிக் குதித்து நேராகப் பெரியவர்கள் அளவுக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அட்டவணை சொல்வதைப் பிள்ளையின் உடம்பிலேயே சரிபார்க்கலாம். விளையாடும் ஷூவைப் போட்டு ஸ்டான்ஸில் நிற்கச் சொல்லுங்கள். பேட்டின் நுனி பின்னங்காலின் விரல்களுக்குப் பக்கத்தில் தரையைத் தொட வேண்டும். கைப்பிடியின் உச்சி தொடையின் மேற்பகுதியில் சாய வேண்டும். அது இடுப்புக்கு மேலே ஏறி வயிற்றில் முட்டினால் பேட் நீளம். கீழ்க்கையைத் தானாகவே இறக்கிப் பிடித்தாலும் அதே பொருள்தான். நீளமான பேட் எப்போதும் முன்னங்காலில் கட்டியிருக்கும் பேடில் இடித்துக்கொண்டு, சுற்றி வளைந்துதான் வரும். நேராக வராது.

வளர்ச்சிக்கு இடம் விட்டு வாங்கலாமா? சட்டைக்கு விடலாம், பேட்டுக்கு விடக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் உயரம் விழுந்தால் மட்டும், அதுவும் எடை சோதனையில் தேறினால் மட்டும், பெரியதை எடுக்கலாம்.

இரண்டாவது படி: எடை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதலில் தராசு. பேட்டின் ஸ்டிக்கரில் ‘லைட்’ என்று போட்டிருப்பதை நம்பாமல், சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு பவுண்டு என்பது 16 அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். என் கணக்குப்படி 6ஆம் அளவு பேட் 2 பவுண்டு 3 முதல் 6 அவுன்ஸ் வரை இருக்கலாம். ஹாரோ 2 பவுண்டு 5 முதல் 8 வரை, அதாவது 1,050 முதல் 1,135 கிராம். முதன்முதலாக ஷார்ட் ஹேண்டிலுக்கு மாறும் பிள்ளைக்கு 2 பவுண்டு 7 முதல் 9 வரை. இதற்கு மேல் போக வேண்டுமென்றால் பிள்ளையின் முன்கையில் அதற்கான பலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

‘டெண்டுல்கர் மூணு பவுண்டுக்கு மேல வெச்சுல்ல ஆடினார்’ என்று பையன்கள் வாதாடுவார்கள். உண்மைதான். அந்தக் கையும் அந்தத் தோளும் வந்த பிறகு ஆடட்டும்.

தராசு சொல்வது பாதிதான். மீதியைச் சொல்வது பிக்கப், அதாவது கையில் எடுக்கும்போது எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பது. சுத்தியலைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் அதையே தலைப்பக்கம் பிடித்துத் தூக்குங்கள். எடை மாறவில்லை, ஆனால் கைக்குப் பாதியாகத் தெரியும். கனம் கையை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு இழுக்கும். பேட்டிலும் அப்படித்தான். மரத்தின் தடித்த பகுதி, அதாவது வீக்கம், நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் 1,100 கிராம் பேட்கூட 1,200 போல இழுக்கும். கொஞ்சம் மேலே தள்ளி இருந்தால் அதே எடை லேசாக எழும்பும். அதனால் பந்து தாழ்வாக வரும் பிட்சில் ஆடுபவர்களுக்கு வீக்கம் கீழே இருக்கும் பேட் நல்லது என்று சொல்வதைப் பிள்ளைகளுக்கு நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். வீக்கம் நடுவில் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டு பேட்டில் எது லேசாக எழும்பும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுட்டுவிரலை நீட்டி, அதன் மேல் பேட்டைக் குறுக்காக வைத்து, தராசு முள் போல நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டு, கைப்பிடியின் உச்சியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பேட்டில் எதன் குறி கைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது லேசாகத் தெரியும். ஒரு விரல்கடை வித்தியாசம்கூடக் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது பிள்ளையின் கை. மேல்கையால் மட்டும் கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து, கையைத் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டி, பேட் தரைக்குக் கிடையாக இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். பத்து எண்ணுங்கள். பத்து வரைக்கும் நுனி நடுங்காமல், மணிக்கட்டு மடங்காமல் நின்றால் எடை சரி. ஏழு எட்டில் நடுக்கம் வந்தால் யோசிக்க வேண்டும். நாலு ஐந்திலேயே சரிந்தால் அந்த பேட்டைத் திருப்பி வைத்துவிடலாம். இந்தச் சோதனையின்போது பையன்கள் தம் கட்டி ஏமாற்றுவார்கள். அதனால் இதற்குப் பிறகு, இரண்டு கையாலும் பிடித்து இருபது தடவை புல் ஷாட்டைக் காற்றில் ஆடச் சொல்வேன். முதல் ஐந்து நன்றாகத்தான் இருக்கும். பதினைந்துக்கு மேல் கவனியுங்கள்: சுழற்சி முடிந்ததும் பேட் அவனை இழுத்துக்கொண்டு போகிறதா, அவன் பேட்டை நிறுத்துகிறானா? தூக்கிய பேட்டைத் தோளில் சாய்த்து ஓய்வு கொடுக்கிறானா? கனமான பேட்டை மேல்கையால் ஆள முடியாத பிள்ளை கீழ்க்கைக்கு வேலையை மாற்றிக்கொள்வான். கீழ்க்கை முந்தினால் பேட்டின் முகம் மூடிக்கொள்ளும். என் மருமகனின் டிரைவ் மிட் ஆனுக்குப் போன கதை அதுதான்.

எடையில் இன்னும் இரண்டு விஷயம். கடையில் எடை பார்த்த பிறகு நீங்கள் சேர்க்கப்போவதும் கணக்கில் வர வேண்டும். இன்னொரு ரப்பர் கிரிப் போட்டால் 50 கிராமுக்குப் பக்கம் ஏறும். முகத்தில் ஒட்டும் பாதுகாப்புத் தாளும் நுனியில் ஒட்டும் டோ கார்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். கிரிப்பின் எடை கைக்குள்ளேயே இருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. நுனியில் ஏறுவது தெரியும்.

மற்றது, தடித்த எட்ஜ் மோகம். இந்த வயதுப் பிள்ளைகள் பேட்டைப் பக்கவாட்டில் திருப்பித்தான் முதலில் பார்ப்பார்கள். விதிப்படி எட்ஜ் 40 மி.மீ. வரையும், நடுத்தடிமன் 67 மி.மீ. வரையும் இருக்கலாம், 2017இல் வந்த வரம்பு அது. தடித்த எட்ஜும் குறைந்த எடையும் சேர்ந்தே வேண்டுமென்றால் ஏதாவது ஓர் இடத்தில் மரத்தைக் குறைத்திருக்க வேண்டும். பின்பக்கம் முதுகெலும்பின் இருபுறமும் குடைந்திருப்பார்கள். அல்லது மரமே இயல்பாக அடர்த்தி குறைந்ததாக இருக்கும். அது நல்லதுதான், ஆனால் மேல் கிரேடில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அல்லது மரத்தை அளவுக்கு மீறிக் காய வைத்திருப்பார்கள். அப்படிக் காய்ந்த பேட் கையில் இறகு போல இருக்கும், ஒலியும் நன்றாக வரும், ஒரு சீசனுக்குள் விரிசலும் விடும். கீழ்க் கிரேடு, தடித்த எட்ஜ், ஆச்சரியமான லேசு மூன்றும் ஒரே பேட்டில் இருந்தால் நான் தள்ளிப் போய்விடுவேன்.

மூன்றாவது படி: கைப்பிடி

கைப்பிடி என்பது பிரம்பு. பல பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுநடுவே ரப்பர் பட்டை வைத்து, அடியை ‘வி’ வடிவத்தில் சீவி, பலகைக்குள் அறைந்து ஒட்டியிருப்பார்கள். மேலே நூல் சுற்றி, அதன் மேல் கிரிப். பந்து பட்ட அதிர்வை விழுங்குவது அந்தப் பிரம்பும் ரப்பரும்தான்.

வடிவத்தில் மூன்று வகை பார்ப்பீர்கள்: வட்டம், முட்டை வடிவம், மேலே வட்டமாகத் தொடங்கிக் கீழே முட்டை வடிவமாக மாறுவது. பதின்ம வயதுக்குக் கீழ்ப்பகுதியாவது முட்டை வடிவமாக இருப்பதையே எடுக்கச் சொல்வேன். வட்டமான கைப்பிடி கையில் சுலபமாக உருளும். பந்து எட்ஜில் பட்டால் பேட் திரும்பிக்கொள்ளும், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது. முட்டை வடிவத்தின் குறுகிய முனை உள்ளங்கைக்கும் விரலுக்கும் இடையில் பொருந்துவதால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் முகம் எங்கே என்று தெரியும். கடையில் அதையே செய்து பார்க்கலாம். கண்ணை மூடி ஸ்டான்ஸில் நிற்கச் சொல்லி, பேட்டைக் கையில் கொடுங்கள். கண்ணைத் திறக்கும்போது முகம் நேராக இருக்கிறதா பாருங்கள்.

பருமன்தான் அடுத்தது. மேல்கையால் இயல்பாகப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டும், அல்லது கொஞ்சம் அதன் மேல் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் கைப்பிடி அந்தக் கைக்குப் பருமன். அப்போது பேட் நழுவாமல் இருக்க முன்கையை இறுக்கிக்கொண்டே இருப்பான். பத்து ஓவர் ஆடினால் முன்கை வலிக்கும். விரல் நகம் உள்ளங்கையில் குத்தும் அளவுக்கு மெலிதாக இருந்தாலும் சரியில்லை, ஆனால் அதைச் சரிசெய்ய இன்னொரு கிரிப் போதும். மெலிதைப் பருமனாக்கலாம், பருமனை மெலிதாக்க வழியில்லை. நூலைப் பிரித்துப் பிரம்பைத் தேய்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைகளில் ஏற்கெனவே இரண்டு கிரிப் போட்டு வைத்திருப்பதுண்டு. மேல் விளிம்பைக் கொஞ்சம் மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றைக் கழற்றச் சொல்லி அப்புறம் பிடித்துப் பார்க்கலாம். க்ளவுஸ் போட்டுக்கொண்டும் பிடித்துப் பார்க்க மறக்க வேண்டாம். வெறுங்கையில் சரியாக இருந்தது க்ளவுஸ் போட்டதும் பருமனாகத் தெரிவது வழக்கம்தான்.

பிறகு பழுது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போலக் கைப்பிடியின் உச்சியிலிருந்து நுனி வரை பாருங்கள். கைப்பிடி பலகையின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. முகத்தில் ‘வி’ தெரியும் இடத்தில் பிரம்பும் வில்லோவும் சேரும் கோடு மயிரிழை போல இருக்க வேண்டும். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் ஒட்டு சரியில்லை. கடைசியாக, பலகையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, கைப்பிடியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். கொஞ்சம் வளைந்து திரும்ப வேண்டும். ‘கிறீச்’ என்றோ ‘டக்’ என்றோ சத்தம் வந்தால் கிரேடு எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

நான்காவது படி: மரத்தின் கிரேடு

கிரேடு என்பது பெரும்பாலும் மரத்தின் அழகுக்குப் போடும் மதிப்பெண். பேட் எப்படி அடிக்கிறது என்று சோதித்துப் போடுவதில்லை. கண்ணால் பார்த்துப் பிரிப்பதுதான். எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுகோலும் இல்லை. ஒருவரின் இரண்டாம் கிரேடு இன்னொருவருக்கு முதலாக இருக்கும்.

முதல் கிரேடில் முகம் வெளிறி, ரேகைகள் நேராக, இடைவெளி ஒழுங்காக இருக்கும்; சிவந்த மரம் இருந்தால் எட்ஜில் கொஞ்சம்தான். இரண்டாம் கிரேடில் ரேகை கொஞ்சம் நெளியலாம், சிவப்பு கூடலாம், சில புள்ளிகள் இருக்கலாம். மூன்றாம் கிரேடில் கறைகள், நிற மாற்றம், வண்ணத்துப்பூச்சி இறக்கை போன்ற படிவுகள் தெரியும். நான்காம் கிரேடை வழக்கமாக வெளுக்க வைத்தோ முகம் முழுக்கத் தாள் ஒட்டியோ விற்பார்கள்.

ரேகை ஒவ்வொன்றும் மரம் வளர்ந்த ஒரு வருடம். முகத்தில் ஆறு ரேகை என்றால் மரம் வேகமாகப் பருத்திருக்கிறது. பன்னிரண்டு என்றால் மெதுவாக. ரேகை நெருங்கிய பேட் சீக்கிரமே நன்றாக அடிக்கத் தொடங்கும், ஆனால் ஆயுள் கொஞ்சம் குறைவு. அகன்ற ரேகை பேட் பழக நேரம் எடுக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஒன்றரை வருடத்தில் அளவு மாறப்போகும் பிள்ளைக்கு இதில் எதுவானாலும் சரி. ரேகையை எண்ணி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அடியைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, முகத்தை எந்திர உருளையால் எவ்வளவு அழுத்தியிருக்கிறார்கள் என்பது. அழுத்தம் குறைந்தால் பந்து நன்றாகப் பாயும், முகம் சீக்கிரம் குழியும். அழுத்தம் கூடினால் முகம் கல் போல உழைக்கும், அடி செத்திருக்கும். இரண்டு, அந்தக் குறிப்பிட்ட மரத் துண்டின் இயல்பு. இரண்டையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டித்தான் பார்க்க வேண்டும். பழைய லெதர் பந்து ஒன்றை வைத்து, கைப்பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, நுனியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அங்குலமாக மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் பந்து தானாக எழும்பும், கைக்கு அதிர்வு வராது, சத்தம் கொஞ்சம் ஆழமாக இருக்கும். அந்த இடம் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்று நான்கு விரல் அகலத்துக்கு ஒரே மாதிரி துள்ளினால் போதும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் துள்ளினால், பந்தை நடுவில் வாங்க இன்னும் பழகாத பிள்ளைக்கு அது உதவாது. ஒன்று சொல்ல வேண்டும்: புது பேட் எல்லாமே கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஒரு பேட்டை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் இந்தச் சோதனை.

கறை, சிவப்பு, வண்ணத்துப்பூச்சிப் படிவு எதுவும் பேட்டைக் கெடுக்காது. அந்தப் படிவுள்ள மரம் கொஞ்சம் உறுதியானது என்றுகூடப் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். பயப்பட வேண்டியவை வேறு: நுனியிலோ எட்ஜிலோ முடிச்சு, நுனியில் மயிரிழை விரிசல், ரேகைகள் நேராக ஓடாமல் சாய்ந்து எட்ஜ் வழியே வெளியேறுவது. மூன்றாவது இருந்தால் எட்ஜ் சிம்பாகப் பிரியும். ஸ்டிக்கரும் தாளும் மறைத்திருக்கும் இடங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

லெதர் பந்து ஆடும் பதின்ம வயதுக்கு இரண்டாம், மூன்றாம் கிரேடுகளே என் தேர்வு.

எங்கள் மேஜை மேல் இருந்த மூன்று பேட்டுகள்

இந்த வருடம் மருமகனுக்கு 162 செ.மீ. மூன்று பேட்டுகள் கடைசி வரை நின்றன. முதலாவது, முதல் கிரேடு ஹாரோ, தராசில் 1,160 கிராம். இரண்டாவது, மூன்றாம் கிரேடு ஹாரோ, 1,080 கிராம். எட்ஜில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு, முதுகில் வண்ணத்துப்பூச்சிப் படிவு. மூன்றாவது, இரண்டாம் கிரேடு ஷார்ட் ஹேண்டில், 1,130 கிராம். பையனின் கண் மூன்றாவதில்தான். எட்ஜ் தடித்திருந்தது, அண்ணன்மார் ஆடும் அளவு வேறு.

அளவுச் சோதனையில் மூன்றாவதின் கைப்பிடி இடுப்பெலும்புக்கு மேலே ஏறியது. ‘இன்னும் அஞ்சு செ.மீ. வளர்ந்தா சரியாயிடும் மாமா’ என்றான். வளர்ந்தால் சரியாகும்தான். அதுவரைக்கும் நடக்கும் மேட்சுகளை என்ன செய்வது? கையை நீட்டி எண்ணச் சொன்னேன், ஏழில் நடுங்கியது. எடையும் யோசிக்க வைத்தது, நீளமோ அவனுக்கு அதிகம். அதை ஒதுக்கினோம்.

மீதி இரண்டும் ஒரே அளவு. விரலில் வைத்துப் பார்த்தால் முதலாவதின் குறி, இரண்டாவதைவிட ஒன்றரை விரல்கடை கீழே இருந்தது. எடையும் 80 கிராம் கூட, கனமும் தள்ளி. எட்டில் நடுங்கியது. இருபது புல் ஷாட்டில் பதினாறாவதிலிருந்து பேட் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாவதைப் பத்து எண்ணும் வரை பிடித்து, மேலே மூன்றும் எண்ணிவிட்டு, ‘இது கைக்குக் கேக்குது மாமா’ என்றான். கைப்பிடியில் கட்டைவிரல் நடுவிரல் நகத்தின் மேல் ஏறியது. க்ளவுஸோடும் தொட்டது. பந்தால் தட்டியபோது மூன்று விரல் அகலத்துக்குத் துள்ளல், முதலாவதில் நான்கு. அந்த ஒரு விரலுக்குத்தான் கிரேடு வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஒட்டுக்கோடு, நுனி, எட்ஜ் எல்லாம் வெளிச்சத்தில் பார்த்தோம். மூன்றாம் கிரேடையே எடுத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முகம், எட்ஜ், நுனி, முதுகு ஆகிய இடங்களில் ஒரு டீஸ்பூன் பச்சை ஆளி விதை எண்ணெயைத் துணியால் மெலிதாகத் தடவி, ஒரு நாள் கிடையாக வைத்தோம். மறுபடி ஒரு தடவை. கைப்பிடியிலும் ‘வி’ ஒட்டிலும் எண்ணெய் படக் கூடாது. முகத்தில் தாள் ஒட்டி வந்திருந்தால் தாள் இல்லாத இடத்துக்கு மட்டும் போதும். அப்புறம் மரச் சுத்தியலால் தட்டிப் பழக்கும் வேலை. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது, தினம் இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டோம். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்ட வேண்டும். எட்ஜைச் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும், நேராக அறையக் கூடாது. நுனியின் அடிப்பகுதியையும் முதுகையும் சுத்தியல் தொடவே கூடாது. ‘பழக்கியே வந்தது’ என்று ஸ்டிக்கர் போட்ட பேட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தட்டுவேன். அதன் பிறகு முதல் இரண்டு வாரம் பழைய பந்தில் வலைப்பயிற்சி மட்டும்.

அந்த இரண்டு வாரம் முடிந்ததும் முகத்தில் பதிந்த சிவப்புத் தடங்களைப் பாருங்கள். எடையும் நீளமும் சரியா என்பதை அவை சொல்லிவிடும். தடங்கள் கைப்பிடிக்குப் பக்கமும் வெளி எட்ஜ் பக்கமும் குவிந்திருந்தால் பேட் பந்துக்குத் தாமதமாகப் போகிறது. பரவலாகச் சிதறியிருந்தால் அது ஆட்டத்தின் பிரச்சினை, பேட்டின் மேல் பழி போட வேண்டாம். போன வருட பேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அந்த முதல் கிரேடு முகத்தில் தடமெல்லாம் மேல்பகுதியில், ஸ்டிக்கருக்குச் சற்றுக் கீழேயே கிடந்தது, நடுப்பகுதி ஏறக்குறையப் புதிதாக இருந்தது. புது பேட்டில் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. எட்ஜில் நாலைந்து தடம் இருக்கத்தான் இருந்தது. பழையதை அவனுடைய அலமாரி மேல் வைத்திருக்கிறோம். 168 தாண்டும்போது மறுபடி கையை நீட்டி எண்ணிப் பார்க்கலாம்.